கர்ப்ப காலத்தில் எடை எவ்வளவு கூட வேண்டும்? குறைந்த செலவில் அதை எப்படி எட்டுவது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் தாய் சேய் நல அட்டையில், ஒவ்வொரு பரிசோதனையின்போதும் எடையை எழுதுவதற்கென்று ஓர் இடம் உண்டு. இரத்த அழுத்தம், இரத்தத்தின் அளவு, ஸ்கேன் முடிவு ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும் குடும்பத்தினர்கூட அந்த எடையைப் பெரும்பாலும் கேட்பதில்லை. செவிலியர் எழுதுகிறார், அட்டை பைக்குள் போகிறது, அதோடு சரி. ஆனால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போதுமான உணவு போகிறதா என்பதை எந்தச் செலவும் இல்லாமல் மாதாமாதம் சொல்லக்கூடியது அந்த எண்தான். அதைப் படிப்பது எப்படி என்பதையும், எண் உயராமல் நின்றுவிட்டால் வேலூர்ப் பக்கத்துச் சாதாரண வீட்டுச் சமையலறையில் எதை மாற்றலாம் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது. உடல் மெலிந்த நிலையில் கருத்தரிக்கும் பெண்ணையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். கூலி வேலையும் பீடி சுற்றும் வேலையும் செய்யும் குடும்பங்களில் இந்த நிலை மிகவும் பழக்கமானது என்பதும், இதைச் சரிசெய்ய அதிகப் பணம் தேவையில்லை என்பதும் அதற்குக் காரணங்கள்.

கூடும் எடை எங்கே போகிறது?

"கொஞ்சமா சாப்பிடும்மா, குழந்தை பெருத்துட்டா ஆபரேஷன்தான்" என்று அக்கறையோடுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். கூடுகிற எடை முழுவதும் குழந்தையின் உடம்பு என்ற எண்ணத்திலிருந்து வரும் அச்சம் அது. உண்மையில், பத்து மாதத்தில் சுமார் 12 கிலோ கூடும் ஒரு பெண்ணின் உடலில் குழந்தையின் பங்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் அல்லது கீழ்தான். நஞ்சுக்கொடியும் பனிக்குட நீரும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கருப்பையும் மார்பகமும் பெரிதாவதால் இன்னொரு ஒன்றரைக் கிலோ. தாயின் உடலில் புதிதாக உண்டாகும் இரத்தமும் உடல் நீரும் சேர்ந்து இரண்டரை முதல் மூன்று கிலோ. மீதமுள்ள சுமார் மூன்று கிலோ, பிறகு தாய்ப்பால் சுரப்பதற்காக உடல் சேர்த்து வைக்கும் கொழுப்பு.

தாய் போதுமான அளவு சாப்பிடாதபோது இந்தப் பட்டியலில் முதலில் குறைவது கொழுப்புச் சேமிப்பு. குறை நீடித்தால் இரத்தம் பெருகுவதும் நஞ்சுக்கொடி வளர்வதும் தடைபடுகின்றன. நஞ்சுக்கொடி சிறுத்தால் அதன் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் உணவும் குறைந்து, இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. அத்தகைய குழந்தைகளுக்கு உடல் சூட்டைத் தக்கவைக்க முடியாமை, பால் உறிஞ்சுவதில் சிரமம், அடிக்கடி தொற்று போன்ற தொல்லைகள் வருகின்றன. சுகப்பிரசவத்தை எளிதாக்கவேண்டும் என்று உணவைக் குறைக்கும் மெலிந்த பெண் குழந்தையை மட்டுமல்லாமல், பிரசவ நேரத்து உழைப்பையும் இரத்தப்போக்கையும் தாங்கவேண்டிய தன் உடம்பையும் சேர்த்தே பலவீனமாக்குகிறாள்.

இலக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல

எவ்வளவு கூட வேண்டும் என்பது கருத்தரிப்பதற்கு முன்பிருந்த எடையைப் பொறுத்தது. அதைக் கணக்கிடுவதற்கு உடல் நிறை குறியீடு, அதாவது பி.எம்.ஐ., பயன்படுகிறது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். அது 18.5-க்குக் கீழே இருந்தால் மெலிந்த உடல், 18.5 முதல் 25-க்குள் இருந்தால் சராசரி, அதற்கு மேல் என்றால் அதிக எடை என்று கொள்கிறார்கள். நம் நாட்டினருக்கு 23-ஐத் தாண்டினாலே கவனிக்கவேண்டும் என்பது இங்குள்ள மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் முறை.

உலகின் பல இடங்களில் பின்பற்றப்படும் அளவுகளை அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி மெலிந்த பெண் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரையிலும், சராசரி எடையுள்ளவர் 11.5 முதல் 16 கிலோ வரையிலும், அதிக எடையுள்ளவர் 7 முதல் 11.5 கிலோ வரையிலும், மிக அதிக எடையுள்ளவர் 5 முதல் 9 கிலோ வரையிலும் கூடலாம். நம் அரசு மருத்துவ வழிகாட்டுதல்கள் இவ்வளவு பிரிவுகள் வைக்காமல், ஒட்டுமொத்தமாக 9 முதல் 12 கிலோவுக்குள் ஓர் இலக்கைச் சொல்கின்றன. இரண்டு கணக்குகளும் முரண்படுவதுபோல் தோன்றலாம். நம் பெண்களில் பலர் உயரத்திலும் உடல் கட்டிலும் சிறியவர்கள் என்பதால், மெலிந்தவர்கள் 12 கிலோவை ஒட்டிய கீழ் எல்லையை இலக்காக வைத்துக்கொள்வதும், 9 கிலோவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. இரட்டைக் குழந்தைகள் என்றால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் தனியாகச் சொல்வார்.

இந்த மொத்த எடை பத்து மாதத்திலும் சமமாகக் கூடுவதில்லை. முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை கூடினாலே போதும். மசக்கையால் அதுவும் கூடாமல் ஒரு கிலோ குறைந்தாலும், தண்ணீரும் கஞ்சியும் வயிற்றில் தங்கும் வரை அஞ்சவேண்டியதில்லை. இரண்டாவது மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும்தான் எடை சீராக ஏறவேண்டும். மெலிந்த பெண்ணுக்கு வாரம் அரைக் கிலோ, சராசரி எடையுள்ளவருக்கு வாரம் 400 கிராம் அளவு, அதிக எடையுள்ளவருக்கு வாரம் 300 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே, நான்காம் மாதத்திலிருந்து ஒரு மெலிந்த கர்ப்பிணியின் அட்டையில் மாதம் சுமார் 2 கிலோ கூடியிருக்கவேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டாலே போதும். இந்த அளவை எட்டாத மாதத்தில் உணவைக் கவனிக்கவேண்டும். ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சத்துப் பிடித்ததன் அடையாளம் என்று மகிழ்ந்துவிடாமல், அன்றே இரத்த அழுத்தமும் சிறுநீரும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லவேண்டும். உடலில் நீர் கோத்துக்கொள்வதால்கூட எடை அப்படி ஏறும்.

எடை பார்க்கும் விதமும் முக்கியம். ஒரு மாதம் சுகாதார நிலையத் தராசிலும், அடுத்த மாதம் மருந்துக்கடை எந்திரத்திலும், இன்னொரு மாதம் ரயில் நிலையத்தில் காசு போட்டும் பார்த்த எடைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. தராசுக்குத் தராசு ஒரு கிலோ வரை வேறுபடலாம். ஒரே தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை வைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில், சிறுநீர் கழித்த பிறகு பார்த்தால்தான் மாதத்துக்கு மாதம் தெரியும் மாற்றம் உண்மையானதாக இருக்கும்.

ஓர் அட்டையைப் படித்துப் பார்ப்போம்

பேரணாம்பட்டை அடுத்த ஒரு கிராமத்தில் பீடி சுற்றும் பெண் ஒருவர் முதல் முறையாகக் கருவுற்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது வாரத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தபோது அவருடைய எடை 42 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். 1.52-ஐ 1.52-ஆல் பெருக்கினால் 2.31. 42-ஐ 2.31-ஆல் வகுத்தால் 18.2. அதாவது 18.5-க்குச் சற்றுக் கீழே, மெலிந்தவர் என்ற பிரிவில் வருகிறார். பார்வைக்கு அவர் நோஞ்சானாகத் தெரியமாட்டார். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் இருப்பார்கள் என்பதால் யாருக்கும் அது குறையாகப் படாது. எண்ணாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது.

13-ஆவது வாரத்தில் எடை 41.4 கிலோ. மசக்கையில் அறுநூறு கிராம் குறைந்திருக்கிறது, கவலையில்லை. 17-ஆவது வாரத்தில் 42.9. 21-ஆவது வாரத்தில் 44.7. வாந்தி நின்று பசி எடுக்கத் தொடங்கியதும் எடை ஓரளவு ஏறுகிறது. 25-ஆவது வாரத்தில் பார்த்தால் 45.2 கிலோ. நான்கு வாரத்தில் அரைக் கிலோதான். இரண்டு கிலோ கூடவேண்டிய மாதம் இது. எண் முந்தைய மாதத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது என்பதால், தொடர்ச்சியாகப் பார்க்காதவருக்கு இதில் எதுவும் தவறாகத் தோன்றாது. அதனால்தான் எடையைத் தனி எண்ணாகப் படிக்காமல், போன மாதத்தின் எண்ணைக் கழித்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

அந்த மாதம் என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டால் விடை கிடைக்கும். காலையில் ஒரு டம்ளர் டீயும் பொறையும். பத்து மணிக்குப் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது இன்னொரு டீ. மதியம் ஒரு சொம்பு கூழ், தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாயோ கருவாடோ. நான்கு மணிக்கு மூன்றாவது டீ. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சோறும் ரசமும். வயிறு ஒருபோதும் காலியாக இல்லை, பட்டினி என்றும் சொல்லமுடியாது. ஆனால் அந்த நாள் முழுவதிலும் அவருக்குக் கிடைத்த புரதம் 30 முதல் 35 கிராம்தான், அதுவும் பெரும்பாலும் சோற்றிலிருந்தும் கேழ்வரகிலிருந்தும் வந்தது. அவருடைய உடல் எடைக்குக் கர்ப்பம் இல்லாத காலத்திலேயே நாளொன்றுக்கு 35 கிராம் வேண்டும். இரண்டாவது மூன்று மாதத்தில் அதனோடு ஏறக்குறைய 10 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஆற்றல் கணக்கில் நாளொன்றுக்கு 350 கலோரி அதிகம் வேண்டும். இரண்டு உயிருக்குச் சாப்பிடவேண்டும் என்ற சொல்லுக்கு இரண்டு மடங்கு என்று பொருள் கொள்ளவேண்டியதில்லை. ஒரு வேளை உணவைவிடக் குறைவான இந்த 350 கலோரிதான் அந்தக் கூடுதல்.

கூழைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் வட ஆர்க்காட்டில் கூழைக் குறை சொல்லிவிட்டு உணவைப் பற்றிப் பேசமுடியாது. கேழ்வரகில் வேறெந்தத் தானியத்திலும் இல்லாத அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல். மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவைக்கும் நம் வழக்கம், தானியத்திலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ள உதவுகிறது. குறை கூழில் இல்லை, அதில் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. ஒரு சொம்புக் கூழில் இரண்டு கைப்பிடி மாவு மட்டுமே இருந்தால், வயிறு நிறைந்துவிடும், உடம்புக்குச் சேர்வது சொற்பம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு குழந்தை வளர வளர இரைப்பைக்கு இடம் குறைகிறது. அந்தக் குறைந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பாமல், கெட்டியாகக் கரைத்து மோர் சேர்த்துக் குடிப்பதோ, கூழுக்குப் பதிலாகக் களியாகக் கிண்டிக் கீரைக் குழம்போடு சாப்பிடுவதோ நல்லது. அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டினால் இன்னும் மேல். கருவாட்டில் புரதம் உண்டு என்றாலும் உப்பு மிக அதிகம். கழுவி ஊறவைத்து, அளவாக, வாரத்தில் ஒரு நாள் போதும்.

இருபது ரூபாயில் என்ன கூட்டலாம்?

இவருடைய வீட்டில் ஏற்கனவே சமைப்பதை மாற்றாமல், அதன் மேல் மூன்று பொருள்களைச் சேர்ப்பதாகக் கணக்குப் போடுவோம். ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால். முட்டையில் 6 கிராம் புரதமும் 75 கலோரியும் உண்டு. 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராமுக்கு மேல் புரதமும் 170 கலோரியும் உண்டு. 200 மில்லி பாலில் 6 கிராம் புரதமும் 130 கலோரி அளவும் உண்டு. மூன்றையும் கூட்டினால் புரதம் 20 கிராமை ஒட்டி வருகிறது, கலோரி 375. கர்ப்பத்துக்குத் தேவையான கூடுதல் கலோரி முழுவதும், கூடுதல் புரதத்தில் பெரும்பகுதியும் இதிலேயே அடங்கிவிடுகின்றன. முட்டை ஆறேழு ரூபாய், கடலை ஐந்து ரூபாய்க்குள், பால் எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபது ரூபாய் ஆகும். பருவத்துக்கும் கடைக்கும் ஏற்ப ஓரிரு ரூபாய் மாறலாம்.

இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் வாங்கமுடியும் என்றால் நான் வேர்க்கடலையையே சொல்வேன். அது நம் மண்ணிலேயே விளைவது, கெட்டுப்போகாமல் இருப்பது, பீடித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போதே சாப்பிடக்கூடியது. வறுத்த கடலையைவிட வேகவைத்த கடலை வயிற்றுக்கு இதமானது. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கவேண்டும். பூஞ்சை பிடித்த, கசக்கிற, சுருங்கிக் கறுத்த பருப்புகளைக் கண்டிப்பாகப் பொறுக்கி எறிந்துவிடவேண்டும், அந்தப் பூஞ்சையில் நச்சு உண்டு. முட்டை சாப்பிடாத வீடுகளில் 30 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்துச் சுண்டலாக்கினால் ஏறக்குறைய முட்டையின் அளவுக்கே புரதம் கிடைக்கும்.

இதற்கு மேல் வரும் குறையைப் பருப்பால் நிரப்பலாம். ரேஷன் கடையில் சிறப்புத் திட்டத்தின் கீழ்க் கிடைக்கும் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அரிசி இலவசம். ஆனால் பல வீடுகளில் ஒரு கிலோ பருப்பை மாதம் முழுவதும் சாம்பாருக்குத் தண்ணீராக இழுக்கிறார்கள். கர்ப்பிணிக்கு மட்டுமாவது, சாம்பாரின் அடியில் இருக்கும் கெட்டிப் பருப்பில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால், அந்த ஒரு கரண்டியில் 5, 6 கிராம் புரதம் போய்ச் சேரும். இதற்கு எந்தச் செலவும் கிடையாது, பரிமாறுகிற வரிசை மட்டும் மாறவேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடும் பெண்ணுக்கு, வீட்டில் எவ்வளவு சத்தாகச் சமைத்தாலும் அது எட்டாது. கணவரோ மாமியாரோ இதைக் கவனித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கீரையை முருங்கை மரத்திலிருந்தே பறிக்கலாம். மரம் இல்லாதவர்களுக்குத் தண்டுக்கீரை, அரைக்கீரைக் கட்டுகள் சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி, கொய்யா ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடலில் ஏறும். ஆப்பிளும் மாதுளையும் வாங்கினால்தான் இரத்தம் ஊறும் என்று நினைத்துக் கடன்பட வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வாரத்துக்கான முட்டை வந்துவிடும். பழுத்த பப்பாளியை அளவோடு சாப்பிடுவதில் தவறில்லை. பால் வடியும் காயையும் செங்காயையும்தான் தவிர்க்கவேண்டும்.

டீயை நிறுத்தச் சொல்வது இவருடைய வாழ்க்கையில் நடக்காத காரியம். ஆனால் அதை இடம் மாற்றலாம். டீயும் காபியும் உணவிலுள்ள இரும்பையும் இரும்புச் சத்து மாத்திரையையும் உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன, அதோடு பசியையும் அடக்கிவிடுகின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டு, மூன்று டீயில் ஒன்றைப் பாலாக மாற்றினால் போதுமானது. பீடி சுற்றுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். புகையிலைத் தூள் விரலிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டோடு வாய்க்குள் போகிறது, மூச்சோடும் உள்ளே செல்கிறது. அதிலுள்ள நிக்கோட்டின் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் அந்த வேலையை விட முடிந்தால் விடுவதே நல்லது. முடியாவிட்டால் காற்றோட்டமான திண்ணையில் உட்காருவதும், சமையலறையிலிருந்து தட்டைத் தள்ளி வைப்பதும், எதையும் வாயில் வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவதும் குறைந்தபட்சம் செய்யவேண்டியவை.

அரசு தருவதும், வீட்டில் காணாமல் போவதும்

அங்கன்வாடியில் பதிவு செய்துகொண்ட கர்ப்பிணிக்குச் சத்துமாவு கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், மொத்தம் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தருகிறார்கள். இதற்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யவேண்டும். பணம் தவணையாக வருவதால் அதை நம்பி மாதச் சாப்பாட்டைத் திட்டமிடாதீர்கள். ஆனால் சத்துமாவும் பெட்டகமும் கைக்கு வந்ததும் அவை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டுவிடுவதே வழக்கமாக நடக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று ஒரு தாயிடம் சொல்வதும் சரியாகாது. காலையில் பொறைக்குப் பதிலாகச் சத்துமாவைக் கஞ்சியாகவோ உருண்டையாகவோ சாப்பிட்டு முடித்துவிட்டு, மீதியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே நடக்கக்கூடிய வழி. சர்க்கரை இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் சத்துமாவின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளைக்கு இரும்புச் சத்து மாத்திரை, அதோடு கால்சியம் மாத்திரை. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும், ஆகவே குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுத்துப் போவது இயல்பு, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பதில் உண்மையில்லை. காலையில் குமட்டினால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். மாத்திரை எடையைக் கூட்டாது, உணவு இரத்தக் குறைவை முழுவதும் போக்காது, இரண்டும் தனித்தனியே தேவை.

மாற்றத்துக்குப் பிறகு

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் வீட்டில் இந்த மாற்றங்களைச் செய்ததாகக் கொண்டால், 29-ஆவது வாரத்தில் எடை 47.2 கிலோ, 33-ஆவது வாரத்தில் 49.2, 37-ஆவது வாரத்தில் 51.1 என்று மாதம் இரண்டு கிலோ வீதம் ஏறும். பிரசவ நேரத்தில் 52 கிலோவை எட்டினால் மொத்தம் 10 கிலோ கூடியிருக்கிறது. 12.5 கிலோ என்ற இலக்குக்கு இது குறைவுதான். மசக்கையில் குறைந்ததையும் ஆறாம் மாதத்தில் நின்றுபோனதையும் பிறகு முழுவதுமாக ஈடுசெய்ய முடியவில்லை. அதற்காக எட்டாம் மாதத்தில் ஒரேயடியாக உணவைத் திணித்து மாதம் 4 கிலோ ஏற்ற முயல்வதும் தவறு. சீரான ஏற்றம் திரும்பியதா, ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்கு ஏற்ப இருக்கிறதா என்பதுதான் இனிமேல் பார்க்கவேண்டியது. இவ்வளவு மாற்றிய பிறகும் அடுத்த மாதத்தில் எடை ஏறவில்லை என்றால் காரணம் உணவுக்கு வெளியே இருக்கலாம். குடற்புழு, தைராய்டு, காசநோய், சர்க்கரை ஆகியவற்றை மருத்துவர் பார்க்கவேண்டும். இரண்டாவது மூன்று மாதத்தில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைப் போட்டுக்கொண்டாரா என்று அட்டையிலேயே பார்த்துவிடலாம்.

அதிக எடையோடு கருத்தரித்த பெண்ணுக்குக் கணக்கு வேறு என்று மேலே சொன்னேன். அவருக்கும் முட்டை, பருப்பு, கீரை, கடலை எல்லாம் வேண்டும். குறைக்கவேண்டியவை மலைபோல் குவிக்கும் சோறு, சர்க்கரை போட்ட டீ, பேக்கரிப் பண்டம், எண்ணெயில் பொரித்தவை ஆகியவை. ஆனால் எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பது இந்தக் காலத்தில் கூடாது. சர்க்கரைப் பரிசோதனையை அவர் எந்த முறையும் தவறவிடக்கூடாது.

சில நேரங்களில் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக்கூடாது. மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகக் குறைந்து போய், எடை இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால், அதாவது 42 கிலோ பெண்ணுக்கு 2 கிலோ குறைந்தால், ஊசி மூலம் நீர் ஏற்றவேண்டியிருக்கும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு முகமும் கையும் வீங்கி, எடை திடீரென ஏறி, தலைவலியோ கண் மங்கலோ மேல் வயிற்று வலியோ வந்தால், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாலையில் பாதம் மட்டும் சற்று வீங்கிக் காலையில் வடிந்துவிடுவது பலருக்கும் வருவதுதான்.

கடைசி இரண்டு மாதத்தில் நெஞ்செரிச்சலும் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுவதும் பலருக்கும் உண்டு. அப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்து, முட்டையை ஒரு வேளையிலும் கடலையை ஒரு வேளையிலும் பாலைப் படுப்பதற்குச் சற்று முன்னதாகவும் வைத்துக்கொண்டால் அளவு குறையாமல் சமாளிக்கலாம். பிரசவம் ஆனதும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டுப் பத்தியம் என்று ரசமும் சோறும் பூண்டும் மட்டும் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும், அதாவது கர்ப்ப காலத்தைவிட அதிகம். பத்தியத்தில் பூண்டு இருக்கட்டும். அதே முட்டை, அதே வேர்க்கடலை, கெட்டிப் பருப்பு, இன்னும் 180 நாளைக்கான இரும்பு மாத்திரை ஆகியவையும் அதோடு தொடரவேண்டும்.